பார்சல் செய்தி, பரிசுச் செய்தி: அம்மா அப்பாவின் கைபேசியில் காணும் அறிகுறிகளும் அவற்றுக்கான வழிகளும்

வயதான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆண்ட்ராய்டு கைபேசியில் செய்தி பார்க்கக் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு தலைப்பும் வீட்டில் கண்ணில் படக்கூடிய ஓர் அறிகுறி. உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போகலாம். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் மற்றதைப் படிக்க வேண்டாம், கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. பார்சல், பரிசு என்று வரும் மோசடிச் செய்தியைப் படிப்பதால் மட்டும் பணம் போவதில்லை. படித்த பிறகு செய்யும் காரியத்தால்தான் போகிறது: அதிலுள்ள இணைப்பைத் தொட்டு விவரம் நிரப்புவது, அதிலுள்ள எண்ணுக்கு அழைப்பது, வந்த ஓடிபி எண்ணை இன்னொருவருக்குச் சொல்வது. இந்த வேறுபாடு பெற்றோருக்குத் தெளிவாகிவிட்டால் பாதி பயம் நீங்கிவிடும்.

அறிகுறி: எந்தச் செய்தியையும் திறப்பதே இல்லை

செய்திப் பெட்டியில் நூற்றுக்கணக்கில் படிக்காதவை குவிந்திருக்கும். கேட்டால், "எதையும் தொடாதே என்று நீதானே சொன்னாய்" என்பார்கள். இது பாதுகாப்பான நிலை போலத் தோன்றும், ஆனால் இல்லை. கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால் முதலில் தகவல் சொல்வது வங்கியின் குறுஞ்செய்திதான். அதைப் படிக்காதவருக்குப் பணம் போனது அடுத்த மாதம் பாஸ்புக் பதியும்போதுதான் தெரியவரும். எனவே இந்தக் கோளாற்றைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியாக வந்த இருபது செய்திகளை அவரையே திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டே கேள்விகள்: யார் அனுப்பியது? நம்மை என்ன செய்யச் சொல்கிறது? கணக்கில் ஓய்வூதியம் ஏறியது, ரேஷன் கடையில் அரிசி வாங்கியது என்பவையெல்லாம் எதையும் செய்யச் சொல்வதில்லை, தகவல் மட்டும் தருகின்றன. செய்யச் சொல்லும் செய்தியில்தான் நிதானம் வேண்டும்.

அனுப்பியவரைப் பார்ப்பதற்கு இந்தியாவில் ஒரு வசதி இருக்கிறது. வங்கி, கேஸ் நிறுவனம், அரசுத் துறை ஆகியவற்றின் குறுஞ்செய்தி பொதுவாகப் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. இரண்டு எழுத்து, ஒரு கோடு, நிறுவனத்தின் சுருக்கப் பெயர் என்று வரும். 2025 முதல் கடைசியில் இன்னொரு கோடும் ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கின்றன. அமைப்பு இப்படி இருக்கும்:

```
AX-ABCDEF-T
```

கடைசி எழுத்து T என்றால் பரிவர்த்தனை, S என்றால் சேவை, G என்றால் அரசு, P என்றால் விளம்பரம். P என்று முடிவதைப் படிக்காமலே விட்டுவிடலாம் என்று சொல்லிக்கொடுங்கள். பெட்டியின் சுமை உடனே குறையும். ஆங்கில எழுத்து தெரியாத பெற்றோர் என்றால், வங்கி, கேஸ், ஓய்வூதியம் ஆகியவற்றின் செய்தித் தொடர்களை நீங்களே அழுத்திப் பிடித்து Pin செய்துவிடுங்கள். அவை எப்போதும் பெட்டியின் உச்சியில் நிற்கும். "மேலே இருப்பதை மட்டும் தினமும் பார், கீழே இருப்பதை என்னோடு சேர்ந்து பார்" என்பது யாருக்கும் புரியும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. பத்து இலக்க எண்ணிலிருந்தோ, +91 அல்லாத வெளிநாட்டு எண்ணிலிருந்தோ, மின்னஞ்சல் முகவரியிலிருந்தோ "உங்கள் வங்கி" பேசினால் தயங்காமல் தள்ளிவிடலாம். ஆனால் அனுப்பியவர் பெயரில் நிறுவனத்தின் சுருக்கப் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது. பதிவுசெய்த அந்தப் பெயர்களையும் மோசடிக்காரர்கள் தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இது தள்ளுவதற்கான சோதனை, நம்புவதற்கான சான்று அல்ல.

அறிகுறி: நீல எழுத்தைக் கண்டால் கை தானாகப் போகிறது

இதில் பழக்கத்தை மாற்றுவதற்கு முன் கைபேசியை மாற்றுங்கள். அமைப்புகளில் Install unknown apps என்ற பகுதிக்குப் போய், குரோம், வாட்ஸ்அப், கோப்புகள் என எல்லாவற்றுக்கும் அனுமதியை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ், கூரியர் ரசீது என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வரும். அது படமோ அழைப்பிதழோ அல்ல, ஒரு செயலி. அதை நிறுவி, கேட்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டால், உங்கள் பெற்றோருக்கு வரும் ஓடிபியை அதை அனுப்பியவர் எங்கோ உட்கார்ந்து படிக்க முடியும். அடுத்து, குறுஞ்செய்திச் செயலியில் Spam protection இயங்குகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் Silence unknown callers என்பதை இயக்குங்கள்.

பல வீடுகளில் உண்மையான காரணம் ஆசையோ அவசரமோ அல்ல, விரல்தான். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கியிருப்போம். இணைப்பு மட்டுமே பாதித் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். செய்தியை மேலே தள்ளப் போன விரல் அதில் பட்டுவிடும். திரையின் ஓரத்தில் விரல் வைத்துத் தள்ளப் பழக்குங்கள். அதோடு, திரையின் அடியில் மூன்று பொத்தான்கள் தெரியும்படி 3-button navigation முறையை வைத்துக்கொடுங்கள். விரலை வழித்து வெளியேறும் புதிய முறை வயதானவர்களுக்குப் பிடிபடுவதில்லை. தெரியாமல் ஒரு பக்கம் திறந்துவிட்டால் வெளியே வரத் தெரியாமல், அங்கே இருக்கும் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். "நடுப் பொத்தானை அழுத்தினால் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்று தெரிந்தால் அந்தப் பதற்றம் இருக்காது.

அறிகுறி: "பார்சலைக் கொடுக்க முடியவில்லை" என்று செய்தி வருகிறது, அவரும் உண்மையிலேயே ஒரு பார்சலுக்காகக் காத்திருக்கிறார்

கூர்மையான ஆட்களும் ஏமாறும் இடம் இது என்பதால் ஒரு நிகழ்வை முழுதாக எடுத்துக்கொள்கிறேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் 72 வயது அம்மா. பெங்களூரில் இருக்கும் மகள் அவருக்காக முழங்கால் பெல்ட் ஒன்றை இணையத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறாள். எந்த நிறுவனம் கொண்டுவரும், என்றைக்கு வரும் என்பதெல்லாம் மகளின் கைபேசியில் இருக்கின்றன. அம்மாவுக்குத் தெரிந்தது, ஏதோ வரப்போகிறது என்பது மட்டும்.

மூன்றாம் நாள் ஒரு செய்தி. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டதாம். முகவரி முழுமையாக இல்லாததால் இரண்டு முறை கொண்டுவந்தும் கொடுக்க முடியவில்லையாம். 48 மணி நேரத்துக்குள் முகவரியைத் திருத்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கீழே ஓர் இணைப்பு. இந்திய அஞ்சல் துறையின் பெயரில் ஊரெங்கும் சுற்றிய இந்த வாசகத்தைப் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024இல் அறிவித்தது. அனுப்பியவருக்கு அந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பினால் அவர்களில் சிலர் பார்சலுக்காகக் காத்திருப்பார்கள் என்பது தெரியும், அவ்வளவுதான்.

இணைப்பைத் தொட்டால் அஞ்சல் துறையின் சின்னத்தோடு ஒரு பக்கம் திறக்கும். முதலில் பெயரும் முகவரியும் கேட்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வராது. அடுத்து மறுவிநியோகக் கட்டணம் என்று இருபது, முப்பது ரூபாய் கேட்கும். தொகை சின்னது என்பதால் யோசிக்கத் தோன்றாது. அதைக் கட்டுவதற்கு ஏடிஎம் அட்டையின் எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளும். கடைசியில் வங்கியிலிருந்து ஓடிபி வரும். அந்த வங்கிச் செய்தியில் இருக்கும் தொகை முப்பது ரூபாயாக இருக்காது, ஆயிரங்களில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துத் தட்டச்சு செய்பவர் தொகையைப் பார்ப்பதில்லை. இதுவரை வந்த பிறகும் தப்பிக்க முடியும் என்பதால், ஓடிபிச் செய்தியில் எண்ணுக்கு முன்னால் ரூபாயைப் படிக்க வேண்டும் என்று பழக்குவது மிக முக்கியம்.

போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலுக்கும் பார்சலுக்கும் இரண்டு ஆங்கில எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று 13 எழுத்துகள் கொண்ட எண் உண்டு:

```
EE123456789IN
```

போலிச் செய்தியில் பெரும்பாலும் எந்த எண்ணும் இருக்காது. இருந்தாலும், அதை நீங்களே indiapost.gov.in தளத்தில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இணைப்பில் indiapost என்ற சொல் இருப்பதில் பொருளில்லை. தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதி indiapost.gov.in என்று முடிகிறதா என்பதே கேள்வி. இதற்கெல்லாம் மேலாக, கும்பகோணத்துத் தெருவில் பல வருடங்களாக வரும் தபால்காரருக்கு அந்த அம்மாவின் வீடு தெரியாமல் இருக்குமா? ஆள் இல்லாதபோது வந்த பொருளைத் தபால் நிலையத்தில் வைத்திருப்பார்கள். சந்தேகம் என்றால் நேரில் போய்க் கேட்கலாம். அதற்கு யாரும் அட்டை எண் கேட்பதில்லை.

ஆனால் இணைப்பைப் பிரித்துப் படிப்பது நமக்கான வேலை. அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள். பாதி புரிந்த தொழில்நுட்ப விதி, எதுவும் புரியாததைவிட ஆபத்து. என் உறுதியான கருத்து, இந்த மோசடிக்கு மருந்து கைபேசியில் இல்லை, தொலைபேசிக்குப் பக்கத்தில் வைக்கும் ஒரு நோட்டில் இருக்கிறது. நீங்கள் அவருக்காக எதை வாங்கினாலும் அன்றே அழைத்துச் சொல்லி எழுதவையுங்கள்: முழங்கால் பெல்ட், மகள் அனுப்பியது, பணம் கட்டியாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் வரும். செய்தி வந்ததும் பேச்சு இப்படி நடக்க வேண்டும்:

"அம்மா, என்ன பார்சல் என்று அதில் போட்டிருக்கிறதா?"

"இல்லையே, பார்சல் என்றுதான் இருக்கிறது."

"நோட்டில் பணம் பாக்கி என்று இருக்கிறதா?"

"கட்டியாயிற்று என்று எழுதியிருக்கிறேன்."

"அப்படியென்றால் விட்டுவிடுங்கள். பெல்ட் எங்கே இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்."

பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை எப்போதும் வாங்கியவருடையது. இந்த ஒரு வழக்கம் நிலைத்துவிட்டால் பார்சல் பற்றிய எந்தச் செய்திக்கும் அம்மா எதுவும் செய்ய வேண்டியதில்லை. யாரும் கேட்காத பொருளைக் கொண்டுவந்து வாசலில் பணம் கேட்பவருக்கும் இதே நோட்டுதான் பதில்: எழுதியிருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்.

அறிகுறி: பரிசு விழுந்துவிட்டது என்று நம்புகிறார், நாம் சொன்னால் கோபப்படுகிறார்

சிரிக்காதீர்கள். பிள்ளைகளின் கடனை அடைக்கலாம், பேத்தியின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று அவர் அதற்குள் கணக்குப் போட்டிருப்பார். கேலி செய்தால் அடுத்த முறை சொல்லாமல் மறைப்பார். மோசடிக்காரருக்கும் அதுதான் வேண்டும்; "பணம் கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அவரே சொல்லியிருப்பார்.

வாக்குவாதத்துக்குப் பதிலாக உண்மைகளை எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. கேரள அரசின் லாட்டரி காகிதச் சீட்டாக மட்டும் விற்கப்படுகிறது, இணையத்தில் விற்பனை இல்லை. பரிசு பெற அசல் சீட்டை 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆகவே அப்பாவின் பெயர் போட்ட சீட்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்தால், அது யாரோ கணினியில் செய்த படம். தொலைக்காட்சி வினாடி வினாவின் பெயரால் 25 லட்சம் என்று சொல்லும் செய்திகளில் பல +92 என்று தொடங்கும் எண்களிலிருந்து வந்திருக்கின்றன. அது பாகிஸ்தானின் குறியீடு.

இதற்கும் அசையாத அப்பாக்களிடம் வரிக் கணக்கு வேலை செய்யும், குறிப்பாக அரசு வேலையிலோ வணிகத்திலோ இருந்தவர்களிடம். இந்தியாவில் பெரிய லாட்டரிப் பணப் பரிசுக்கான வருமான வரியைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார். பரிசு வென்றவர் முன்கூட்டியே வரியோ, பதிவுக் கட்டணமோ அனுப்பும் வழக்கம் இல்லை. "25 லட்சம் வைத்திருப்பவர் அந்தக் கட்டணத்தை அதிலேயே கழித்துக்கொள்ளலாமே, உங்களிடம் ஏன் கேட்கிறார்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதிலை அவரே கண்டுபிடிக்கட்டும்.

யுபிஐ பயன்படுத்துபவர் என்றால் இன்னொன்று: பணம் வருவதற்குப் பின் எண் தேவையில்லை, கியூஆர் குறியீட்டைப் படம்பிடிக்கவும் தேவையில்லை. பின் எண் கேட்கும் திரை வந்தால் பணம் வெளியே போகப்போகிறது என்று பொருள், அல்லது இருப்பைப் பார்க்கிறோம் என்று பொருள். மூன்றாவது காரணம் கிடையாது என்றே சொல்லிவையுங்கள்.

அறிகுறி: பரிசுச் செய்தியை எத்தனை முறை நீக்கினாலும் திரும்ப வருகிறது

குறுஞ்செய்திப் பெட்டியில் தேடினால் எதுவும் இருக்காது. காரணம், அது குறுஞ்செய்தியே அல்ல, குரோம் உலாவி காட்டும் அறிவிப்பு. எப்போதோ ராசிபலனோ சமையல் குறிப்போ பார்க்கப் போன தளத்தில் Allow என்பதைத் தொட்டிருப்பார். அன்றிலிருந்து அந்தத் தளம் "வாழ்த்துகள்" என்றும் "கைபேசியில் வைரஸ்" என்றும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அறிவிப்பை அழுத்திப் பிடியுங்கள். எந்தச் செயலி, எந்தத் தளம் என்று தெரியும். பிறகு குரோமின் அமைப்புகளில் Site settings, அதற்குள் Notifications என்று போய், தெரியாத தளங்களை எல்லாம் தடைசெய்யுங்கள். அங்கேயே, இனி எந்தத் தளமும் அனுமதி கேட்காதபடி மொத்தமாக நிறுத்திவிடலாம். நிறுத்தினால் உங்கள் பெற்றோர் இழக்கப்போவது ஒன்றுமில்லை.

அறிகுறி: "எந்த எண்ணையும் சொல்லாதே" என்ற விதி வீட்டு வாசலில் உடைந்துபோகிறது

ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்று சொல்லிவைத்திருப்போம். ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் எண் கேட்கிறார், சொன்னால்தான் சிலிண்டர். சில இணையக் கடைகளின் பார்சலுக்கும் அப்படியே. இரண்டு முறை விதியை மீறி ஒன்றும் ஆகவில்லை என்றால், மூன்றாவது முறை தொலைபேசியில் கேட்பவருக்கும் சொல்லிவிடுவார். மீற வேண்டியிருக்கும் விதியைக் கொடுப்பது நம் தவறு.

விதியை இப்படி மாற்றுங்கள்: பொருள் கண் முன்னால் இருந்து, கேட்பவரும் நேரில் நின்று, செய்தியில் கேஸ் அல்லது பார்சல் என்று மட்டும் இருந்தால் சொல்லலாம். செய்தியில் ரூபாயோ வங்கியோ இருந்தால் நேரில் நிற்பவருக்கும் சொல்லக் கூடாது. தொலைபேசியில் கேட்பவருக்கு எதையும் சொல்லக் கூடாது. "நீங்கள் கேட்காத ஆர்டரை ரத்துசெய்ய எண்ணைச் சொல்லுங்கள்" என்பவருக்கும் இல்லை என்பதே பதில். கேட்காததை ரத்துசெய்யும் பொறுப்பு நமக்கு இல்லை.

கூரியர் ஆள் போலப் பேசி, நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஓர் எண்ணை அழுத்தச் சொல்வதும் உண்டு. *21* என்று தொடங்கி அடுத்து ஒரு கைபேசி எண் வந்தால், அது அழைப்புகளை அந்த எண்ணுக்குத் திருப்பிவிடும். பிறகு வங்கி சரிபார்க்க அழைத்தாலும் மோசடிக்காரர்தான் எடுப்பார். திருப்பப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும், எல்லாத் திருப்பலையும் நீக்கவும் முறையே இவற்றை அழுத்துங்கள்:

```
*#21#
##002#
```

அறிகுறி: தொட்டுவிட்டார், அல்லது கொடுத்துவிட்டார்

எதுவரை போனார் என்று அமைதியாகக் கேளுங்கள். திட்டினால் பாதியைத்தான் சொல்வார்.

பக்கம் திறந்து மூடிவிட்டார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எதுவும் பதிவிறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெயர், முகவரி, கைபேசி எண் வரை கொடுத்திருந்தால் வரும் நாட்களில் அவர் பெயரைச் சொல்லியே அழைப்புகள் வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். ஏதேனும் செயலியை நிறுவியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைபேசியிலிருந்து வங்கியை அழைத்துப் பரிவர்த்தனையை நிறுத்துங்கள். பிறகு செயலியை நீக்குங்கள். நீக்க முடியாவிட்டால் கைபேசியை முழுதாக அழித்து மீட்டமைப்பதே வழி.

அட்டை விவரமோ ஓடிபியோ போயிருந்தால், பணம் எடுக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் அழைப்பு வங்கிக்கு. எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள், இணையத்தில் தேடாதீர்கள்; தேடலில் போலி உதவி எண்கள் கிடக்கின்றன. பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 1930க்கு. இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ந்து ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்திவைக்க வங்கிகளுக்குத் தகவல் அனுப்புவதே அவர்களின் வேலை. எனவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்து, அதன் எண்ணை நோட்டில் எழுதுங்கள்.

வங்கிக்குச் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியின்படி, வாடிக்கையாளரே விவரத்தைக் கொடுத்து ஏமாந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு ஆகும் இழப்பு வங்கியுடையது. அந்த எல்லைக்கோட்டை நிரூபிக்க நேரம் தேவைப்படும்.

பணம் போகவில்லை, செய்தி மட்டும் வந்தது என்றால் 1930 வேண்டாம். சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ உள்ள சக்ஷு பகுதியில் அந்தச் செய்தியைப் பதியலாம்.

பணம் இழந்தவர்களின் வீட்டுக்குச் சில வாரங்கள் கழித்து இன்னோர் அழைப்பு வருவதுண்டு. "உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், விடுவிக்கச் சிறு கட்டணம் கட்டுங்கள்" என்று போலீஸ் போலவோ வழக்கறிஞர் போலவோ பேசுவார்கள். 1930இல் புகார் பதியவும், நிறுத்திவைத்த பணத்தைத் திரும்பப் பெறவும் இப்படித் தொலைபேசியில் யாருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அந்த எண்ணையும் தடைசெய்துவிட்டு, பழைய புகார் எண்ணோடு உங்கள் சைபர் குற்றப் பிரிவில் தெரிவியுங்கள்.